ஹால்ல ஒரே ஒரு லேன் சாக்கெட், பிஎஸ்5க்கும் டிவிக்கும் வேணும்: அடிக்கடி வர்ற கேள்விகள்

கீழ சொல்றதெல்லாம் இந்த மாதிரி ஒரு வீட்டை மனசுல வச்சு எழுதினது: ரவுட்டர் வாசல் பக்கமோ பெட்ரூம்லயோ இருக்கு, அங்கருந்து சுவருக்குள்ள பைப்ல ஒரு கேபிள் ஹாலுக்கு வந்து டிவிக்குப் பின்னாடி ஒரு சாக்கெட்ல முடியுது. பிளான் 300 எம்பிபிஎஸ். எக்ஸ்பாக்ஸ் வச்சிருந்தாலும் இதே கதைதான், மெனு பேர் மட்டும் மாறும்.

சுவத்துல ஒரு சாக்கெட்தான் இருக்கு, ரெண்டுக்கும் வயர் குடுக்கணும்னா என்ன வாங்கணும்?

அஞ்சு போர்ட் கிகாபிட் அன்மேனேஜ்டு சுவிட்ச் ஒண்ணு, அதாவது செட்டிங்ஸ் எதுவும் பண்ணாம சொருகினாலே ஓடுற டைப். கடைல நெட்வொர்க் சுவிட்ச்னு கேளுங்க, வெறும் சுவிட்ச்னு கேட்டா லைட் சுவிட்ச் எடுத்து வைப்பாங்க. டிபி-லிங்க், டி-லிங்க், நெட்கியர் எதுவா இருந்தாலும் பரவால்ல, இந்த வேலைக்கு எல்லாமே ஒண்ணுதான். பெட்டில 10/100/1000ன்னு போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க. 10/100னு மட்டும் இருந்தா அத அங்கயே வச்சிட்டு வந்துடுங்க, ஏன்னா பாக்குறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், விலைலயும் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் பிஎஸ்5 ஸ்பீடு நூறுக்குக் கீழ மாட்டிக்கும்.

கூடவே ரெண்டு சின்ன கேபிள் வேணும், கேட்5இ போதும், ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ. கேட்7, கேட்8னு தங்க முலாம் பூசினதெல்லாம் விப்பாங்க, இந்த ஒரு மீட்டருக்கு அதுனால ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஏற்கனவே டிவிக்கோ பிஎஸ்5க்கோ போயிட்டிருந்த கேபிள் ஒண்ணு இருக்கும்ல, அதான் இப்ப சாக்கெட்லருந்து சுவிட்சுக்கு.

150 ரூபாக்கு ஒய் மாதிரி ஒரு ஸ்ப்ளிட்டர் கிடைக்குதே, கரண்டும் வேணாம், அது போதாதா?

போதாது. லேன் கேபிள் உள்ள எட்டு கம்பி, அதாவது நாலு ஜோடி. அந்தச் சின்ன ஸ்ப்ளிட்டர்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, எட்டு கம்பியையும் அப்படியே ரெண்டு பக்கமும் ஒட்டி விட்டிருக்கும், அதுல ஒரு நேரத்துல ஒரு பெட்டிதான் வேலை செய்யும், ரெண்டையும் ஆன் பண்ணா ரெண்டும் போயிடும். இன்னொண்ணு, நாலு ஜோடியை ரெண்டு ரெண்டாப் பிரிக்கும். இது உண்மையாவே வேலை செய்யும், ஆனா ரவுட்டர் பக்கமும் அதே மாதிரி ஒண்ணு போட்டு அங்க ரெண்டு போர்ட்டைப் பிடிக்கணும், அப்பவும் ஆளுக்கு 100 எம்பிபிஎஸ்தான், ஏன்னா கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் தேவை.

சுவிட்ச் அப்படி இல்ல. ஒவ்வொரு பாக்கெட்டையும் முழுசா உள்ள வாங்கி, அது எந்தப் பெட்டியோட மேக் அட்ரஸ், அதாவது அடையாள நம்பர்னு பாத்து, அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். எந்த மேக் எந்தப் போர்ட்ல இருக்குன்னு அதுவே கத்துக்கும், அதனாலதான் செட்டிங்ஸ், லாகின், ஆப் எதுவும் கிடையாது. கரண்டு கேக்குறதும் இந்த வேலைக்குத்தான், அதுவும் ரெண்டு மூணு வாட் அளவுதான். ஸ்ப்ளிட்டர்னு பேர் போட்டுட்டு கூட ஒரு யுஎஸ்பி பவர் வயரும் குடுத்தா அது பெரும்பாலும் உள்ள சுவிட்ச்தான், ஆனா அதுல 100ஆ 1000ஆன்னு நல்லா பாத்து வாங்குங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஏதாவது செக் பண்ணணுமா?

ஒண்ணே ஒண்ணு, ஆனா இதப் பாக்காம வாங்கிட்டுத்தான் பாதி பேர் சுவிட்ச் டப்பான்னு ரிட்டர்ன் போடுறாங்க. அந்தச் சாக்கெட்டோட மறுமுனை எங்க போகுதுன்னு தெரியணும். அது உங்க ரவுட்டரோட லேன் போர்ட்டுக்குப் போச்சுன்னா பிரச்சனையே இல்ல, ரவுட்டர் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி ஐபி குடுக்கும், சுவிட்ச் நடுவுல இருக்குறதே அதுக்குத் தெரியாது.

ஆனா சில அபார்ட்மெண்ட்ல நெட் கம்பெனியோட வயர் மாடிப்படி பாக்ஸ்லருந்து நேரா ஹால் சாக்கெட்டுக்கு வந்துடும். அங்க சுவிட்ச் மாட்டினா ஒரு பெட்டிக்கு நெட் வரும், இன்னொண்ணுக்கு வராது, இல்ல யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு கனெக்ட் ஆகுற டைப்னா ரெண்டுக்குமே வராது. ஏன்னா அவங்க குடுக்குறது ஒரு வீட்டுக்கு ஒரு அட்ரஸ், அதப் பங்கு போடுறது ரவுட்டரோட வேலை, சுவிட்சால முடியாது. அந்த இடத்துல ஒரு ரவுட்டர் வச்சு அதோட லேன் போர்ட்லருந்து ரெண்டுக்கும் குடுங்க, சுவிட்ச் தேவையே இருக்காது. ஹாஸ்டல்லயும் இதே மாதிரி ஒரு சாக்கெட்டுக்கு ஒரு மேக்னு பூட்டி வச்சிருப்பாங்க, அங்க அட்மினத்தான் கேக்கணும்.

கண்டுபிடிக்க சுலபம், லேப்டாப்பை சாக்கெட்ல சொருகி வைஃபையை ஆஃப் பண்ணிட்டு விண்டோஸ்ல இதப் போடுங்க:

```
ipconfig
```

`Default Gateway`ன்னு வர்ற நம்பரை பிரவுசர்ல போட்டா உங்க வீட்டு ரவுட்டரோட லாகின் பேஜ் தொறக்குதா, அப்ப தைரியமா வாங்குங்க. தொறக்கலைன்னா வயர் வேற எங்கயோ போகுது. ஐபி 169.254ல ஆரம்பிச்சா யாருமே அட்ரஸ் குடுக்கலைன்னு அர்த்தம், பல வீட்டுல ரவுட்டர் பக்கம் அந்த வயரோட முனை எதுலயும் சொருகாம சும்மா தொங்கிட்டிருக்கும், போய் பாருங்க.

எதை எதுல சொருகணும், ஏதாவது ஆர்டர் இருக்கா?

ஆர்டர் எல்லாம் இல்ல. அஞ்சு போர்ட்டும் சமம், சாக்கெட்லருந்து வர்றது ஒண்ணாவதுலதான் இருக்கணும்னு எதுவும் கிடையாது, கிராஸ் கேபிள் காலமும் போயாச்சு. பவர் குடுங்க, மூணு கேபிளும் சொருகுங்க, மூணு லைட் எரியும். அப்புறம் பிஎஸ்5ல `Settings > Network > Connection Status > Test Internet Connection` ஓட்டிப் பாருங்க. டிவில வைஃபை ஏற்கனவே கனெக்ட் ஆயிருந்தா நெட்வொர்க் செட்டிங்ஸ்ல போய் வயர்டுன்னு மாத்த வேண்டியிருக்கும், சில டிவி தானா மாறும், சிலது மாறாது.

செய்யவே கூடாத ஒண்ணு இருக்கு. மிச்சம் ரெண்டு போர்ட் காலியா இருக்குதேன்னு ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் சுவிட்ச்லயே சொருகிடாதீங்க. பக்கத்துல இன்னொரு சாக்கெட் இருந்து அதுவும் அதே ரவுட்டருக்குப் போகுதுன்னா ரெண்டையும் சுவிட்சுக்குக் குடுத்தா டபுள் ஸ்பீடு வரும்னும் நினைக்காதீங்க. பாக்கெட் வட்டமாச் சுத்த ஆரம்பிச்சுடும், எல்லா லைட்டும் வெறி புடிச்ச மாதிரி ஒண்ணா மின்னும், வீட்டு நெட் முழுக்க, வைஃபை உட்பட படுத்துடும். ஒரு முனையைப் பிடுங்கினா கொஞ்ச நேரத்துல சரியாயிடும்.

முன்னாடி பிஎஸ்5ல 280 வந்துச்சு, சுவிட்ச் போட்டப்புறம் 94தான் வருது, சுவிட்ச் ஸ்பீடைப் பாதியாப் பிரிக்குதா?

பிரிக்கல. அப்படிப் பிரிச்சா 140, 150னு வந்திருக்கணும், அதுவும் டிவி ஓடும்போது மட்டும். 93, 94ங்கற நம்பரே உங்களுக்கு பதில் சொல்லுது: நடுவுல ஏதோ ஒரு லிங்க் கிகாபிட்ல இல்லாம 100ல நிக்குது. 100 எம்பிபிஎஸ் லிங்க்ல பாக்கெட் தலைப்பு, இடைவெளி எல்லாம் போக கைக்கு வர்றது கிட்டத்தட்ட 94தான். கிகாபிட் லிங்க்ல அதே கணக்குல 940 வரைக்கும் வரும், அதனால 300 பிளானுக்கு அது தடையே இல்ல.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா 80 ஜிபி கேம் ஒண்ணு 280ல போனா நாப்பது நிமிஷத்துக்குள்ள முடியும், 94ல ரெண்டு மணி நேரத்துக்குப் பக்கம் இழுக்கும், அதனால கண்டுபிடிச்சு சரி பண்றது வொர்த்து.

முதல்ல சுவிட்ச் 10/100 மாடல் இல்லைன்னு உறுதி பண்ணிக்கோங்க. அடுத்து லைட். நெறைய சுவிட்ச்ல கிகாபிட்டுக்கு ஒரு கலர், 100க்கு வேற கலர், இல்ல ரெண்டு லைட்ல ஒண்ணு மட்டும் எரியும், மாடலுக்கு மாடல் மாறும், அடில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயோ கூட வந்த பேப்பர்லயோ போட்டிருக்கும். டிவி போர்ட் 100ன்னு காட்டினா கவலைப்படாதீங்க, அது அப்படித்தான், கீழ சொல்றேன். சாக்கெட் வர்ற போர்ட்டும் பிஎஸ்5 போர்ட்டும் கிகாபிட் காட்டணும்.

பிஎஸ்5 போர்ட் மட்டும் 100ன்னா அந்தச் சின்ன கேபிள்தான் காரணம், மாத்துங்க. சாக்கெட் பக்கம் 100ன்னா, முன்னாடி 280 வந்ததால சுவருக்குள்ள இருக்கிற வயர் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும், சாக்கெட்டுக்கும் சுவிட்சுக்கும் நடுவுல புதுசா ஏதாவது கேபிள் போட்டீங்களா, அதச் சந்தேகப்படுங்க. பழைய கேபிளை மறுபடி போட்டுப் பாருங்க. கேபிள் எல்லாம் மாத்தியும் அதேன்னா வேற போர்ட்ல சொருகிப் பாருங்க, அப்பவும் மாறலைன்னா லேப்டாப்பை நேரா சாக்கெட்ல சொருகி பவர்ஷெல்ல:

```
Get-NetAdapter
```

`LinkSpeed`ல 1 Gbps வந்தா சாக்கெட் ஓகே, சுவிட்சை மாத்துங்க. 100 Mbps வந்தா (லேப்டாப் போர்ட் கிகாபிட்தானான்னு பாத்துக்கோங்க) சாக்கெட்டுக்குள்ள பிரச்சனை.

சுவத்துலருந்தே 100தான் வருது, என்ன ஆயிருக்கும்?

100க்கு ரெண்டு ஜோடி போதும், ஆரஞ்சும் பச்சையும், அதாவது 1, 2, 3, 6 நம்பர் கம்பிங்க. நீலமும் பிரவுனும் சரியா இல்லைன்னா ரவுட்டரும் சுவிட்சும் பேசிப் பாத்துட்டு 100க்கு இறங்கிடும், நெட் வேலை செய்யும், அதனால யாருக்கும் வருஷக்கணக்கா தெரியாது. சாக்கெட் மூடியைக் கழட்டிப் பாத்தா மூணுல ஒண்ணு இருக்கும்: எலெக்ட்ரீஷியன் நாலு கம்பி மட்டும் மாட்டிட்டு மிச்சத்தை வெட்டி விட்டிருப்பாரு, நீல ஜோடியை லேண்ட்லைன் போனுக்கு எடுத்திருப்பாரு, இல்ல ஒரு கம்பி சரியா அமுங்காம வெளிய வந்திருக்கும். விலை கம்மின்னு அலுமினியத்து மேல காப்பர் பூசின வயர் போட்டிருந்தா கம்பி அங்கயே ஒடிஞ்சும் இருக்கலாம்.

சரி பண்ண ஒரு புதுக் கீஸ்டோன் ஜாக், ஒரு பஞ்ச் டவுன் டூல், ஒரு சாதா கேபிள் டெஸ்டர் போதும். ஜாக் பக்கத்துலயே ஏ, பினு ரெண்டு கலர் வரிசை அச்சடிச்சிருக்கும், ரவுட்டர் பக்கம் எது போட்டிருக்கோ அதையே இங்கயும் போடணும், நம்மூர்ல பெரும்பாலும் பி. டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா வந்தா முடிஞ்சுது. லேண்ட்லைன் இன்னும் உபயோகத்துல இருந்தா மட்டும் நீல ஜோடியைத் தொடாதீங்க, அந்த வீட்டுல கிகாபிட் வேணும்னா வேற வயர்தான் இழுக்கணும்.

டிவில போர்ட் 100தான்னு சொல்றாங்களே, அப்ப டிவிக்கு வயர் குடுக்கிறது வேஸ்ட்டா?

உண்மைதான், நல்ல விலை குடுத்து வாங்குற டிவிலயும் பல மாடல்ல லேன் போர்ட் 100தான், ஸ்பீடு டெஸ்ட்ல வைஃபைதான் ஜெயிக்கும். ஆனா டிவிக்கு எதுக்கு அவ்வளவு? நெட்ஃபிளிக்ஸே 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் போதும்ங்குது. ரவுட்டர் ரெண்டு சுவர் தள்ளி இருக்கிற வீட்டுல வைஃபை ஒரு நிமிஷம் 200, அடுத்த நிமிஷம் 20ன்னு ஆடும், வயர்ல எப்பவும் ஆடாத 94 கிடைக்கும், படம் பாக்க எனக்கு ரெண்டாவதுதான் வேணும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, வீட்டு சர்வர்லருந்து 4கே புளூ-ரே ரிப் அப்படியே ஓட்டுறவங்க. அந்த ஃபைல் சில சீன்ல 100ஐத் தாண்டும், அப்ப வயர்ல நின்னு நின்னு போகும். அவங்க டிவியை நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல விட்டுட்டு வயரை பிஎஸ்5க்கு மட்டும் குடுக்கலாம்.

சுவிட்ச் நடுவுல வந்தா பிங் ஏறுமா?

ஏறும், உங்களால அளக்க முடியாத அளவுக்கு. ஒரு முழு பாக்கெட் 1500 பைட், அத கிகாபிட்ல வாங்கி அனுப்ப ஆகுற நேரம் சுமார் 12 மைக்ரோசெகண்ட், அதாவது 0.012 மில்லிசெகண்ட். கேம் சர்வர் பிங் 30, 40 மில்லிசெகண்ட்ல இருக்கு. மத்த பிளேயரோட நேரா கனெக்ட் ஆக முடியுமான்னு காட்டுற நேட் டைப்பும் மாறாது, அத முடிவு பண்றது ரவுட்டரும் நெட் கம்பெனியும்.

அப்புறம் ஏன் பிஎஸ்5 டவுன்லோடு போட்டா டிவில பஃபர் ஆகுது?

அது சுவிட்ச்ல நடக்குறதில்ல, ரவுட்டருக்கு வெளிய நடக்குது. சுவத்து வயர்ல 940 போகலாம், பிளான்ல 300தான் வருது, பிஎஸ்5 அந்த 300ஐயும் முழுசா இழுத்துக்கும், மிச்சம் எல்லாரும் வரிசைல நிப்பாங்க. ரெண்டும் வைஃபைல இருந்திருந்தாலும் இதேதான். அதனால எந்த சுவிட்ச் மாத்தினாலும் இது போகாது, மேனேஜ்டு சுவிட்ச் வாங்கினாலும் போகாது, காசுதான் போகும்.

ரவுட்டர்ல கியூஓஎஸ் இருந்தா டிவிக்கு முன்னுரிமை குடுங்க, இல்ல பிஎஸ்5க்கு 200, 250னு ஒரு லிமிட் போடுங்க. ரவுட்டர்ல ஒண்ணும் இல்லைன்னா பெரிய டவுன்லோடை எல்லாரும் தூங்கினப்புறம் ரெஸ்ட் மோடுல விடுங்க, `Settings > System > Power Saving > Features Available in Rest Mode`ல `Stay Connected to the Internet` ஆன்ல இருக்கணும்.

சுவிட்சுக்கு கரண்டை டிவியோட யுஎஸ்பிலருந்து எடுக்கலாமா? பிளக் பாயிண்ட் இல்ல.

5 வோல்ட் சுவிட்ச்னா சும்மா பாக்க வேலை செய்யும், ஆனா நல்ல ஐடியா இல்ல. நெறைய டிவி ஆஃப் பண்ணா யுஎஸ்பி கரண்டையும் நிறுத்திடும், சுவிட்சும் செத்துடும், ராத்திரி ரெஸ்ட் மோடுல போட்ட டவுன்லோடு காலைல பாத்தா அப்படியே நிக்கும். டிவி ஆன் ஆகும்போது சுவிட்சும் புதுசா எழுந்திருக்கிறதால டிவி முதல்ல நெட் இல்லைன்னு மெசேஜ் காட்டும். 9 வோல்ட் அடாப்டர் வந்த சுவிட்சுக்கு இது சுத்தமா ஆகாது. டிவி பிளக்ல ஒரு ஸ்பைக் பஸ்டர் மாட்டி சுவிட்சோட அடாப்டரையே அதுல போடுங்க, அது எப்பவும் ஆன்லயே இருக்கட்டும்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுல ஹால் பிளக் அந்த லைன்ல இல்லைன்னா, கரண்டு போனப்புறம் ரவுட்டர் ஓடினாலும் சுவிட்ச் ஓடாதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

வீட்டுல பழைய ரவுட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு, அதையே சுவிட்சா வச்சுக்கலாமா?

வச்சுக்கலாம், லேன் போர்ட் கிகாபிட்டா இருந்தா. பழசுல பாதிக்கு மேல 100 போர்ட்தான், முதல்ல மாடல் நம்பரைத் தேடிப் பாருங்க, 100ன்னா விட்டுடுங்க.

முதல்ல அத லேப்டாப்போட மட்டும் கனெக்ட் பண்ணி உள்ள போய் அதோட லேன் ஐபியை மெயின் ரவுட்டரோட மோதாத மாதிரி மாத்தணும், மெயின் 192.168.1.1ன்னா இதுக்கு 192.168.1.2 வைக்கலாம், மெயின் ரவுட்டர் அந்த நம்பரை வேற யாருக்கும் குடுக்காத மாதிரி இருந்தா சரி. அப்புறம் எல்லாருக்கும் ஐபி குடுக்கிற டிஹெச்சிபி ஆஃப், வைஃபை தேவையில்லைன்னா அதுவும் ஆஃப். கடைசியா சுவத்து கேபிளை நெட் கம்பெனி வயர் வர்ற வேன் போர்ட்ல இல்லாம லேன் போர்ட் ஒண்ணுல சொருகணும், எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். வேன்ல சொருகினா ரெண்டு ரவுட்டர் அடுக்கா ஆயிடும், பிஎஸ்5 நேட் டைப் 3 காட்டலாம், பார்ட்டி வாய்ஸ் சொதப்பும், பெட்ரூம் போன்லருந்து டிவிக்கு காஸ்ட் பண்ணா டிவியே லிஸ்ட்ல வராது.

டிவியை ஆஃப் பண்ணா கொஞ்ச நேரத்துல வீட்டுல எல்லாருக்கும் நெட் போயிடுது, ஆன் பண்ணா வந்துடுது, இது என்ன கொடுமை?

அபூர்வம், ஆனா நிஜமா நடக்குறதுதான். சில பெட்டிங்களோட நெட்வொர்க் சிப் ஸ்டாண்ட்பைல போனப்புறம் கோளாறாகி, கொஞ்சம் நிறுத்துன்னு சொல்ற பாஸ் ஃபிரேமை விடாம அனுப்பிட்டே இருக்கும். கிகாபிட் சுவிட்ச் அந்தப் பேச்சைக் கேக்கும், டிவிக்கு அனுப்ப வேண்டியது உள்ள குவிஞ்சு இடம் நிறைஞ்சவுடனே அதுவும் ரவுட்டர் பக்கம் நிறுத்துன்னு சொல்லும், அப்படியே முழு வீடும் நின்னுடும். அன்மேனேஜ்டு சுவிட்ச்ல இத ஆஃப் பண்ற பட்டன் கிடையாது, இந்த டப்பாவோட நிஜமான குறைன்னா இது ஒண்ணுதான்.

உறுதி பண்ண, நெட் போனப்போ டிவியோட லேன் கேபிளை மட்டும் சுவிட்ச்லருந்து பிடுங்குங்க. உடனே எல்லாருக்கும் வந்துட்டா டிவிதான். டிவி சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுப் பாருங்க, குயிக் ஸ்டார்ட் மாதிரி செட்டிங் இருந்தா மாத்திப் பாருங்க, அப்பவும் போகலைன்னா டிவியை வைஃபைல விட்டுடுங்க, பிஎஸ்5 வயர்லயே இருக்கட்டும். சுவிட்ச்ல காலியாகுற அந்தப் போர்ட்டுக்கு செட்டாப் பாக்ஸோ ஃபயர் ஸ்டிக்கோட லேன் அடாப்டரோ மாட்டிக்கலாம்.